கொலுசில் படியும் கறுப்பும் வெள்ளிதான்

கொலுசு கறுத்தால் பெரும்பாலான வீடுகளில் இரண்டு காரணங்கள்தான் சொல்லப்படும். ஒன்று, போட்டிருப்பவருக்கு உடம்புச் சூடு. மற்றொன்று, கடைக்காரர் கலப்படம் செய்துவிட்டார். ஆனால் யார் காலிலும் ஏறாமல் பீரோவில் துணி சுற்றிக் கிடந்த கொலுசும் கறுக்கிறது. 99 சதவீதத் தூய வெள்ளியில் செய்த கிண்ணமும் கறுக்கிறது. ஆகவே இந்த இரண்டு காரணங்களாலும் முழு விளக்கம் கிடைப்பதில்லை.

உண்மையான காரணம் காற்றில் இருக்கும் கந்தகம். அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, நம் மூக்குக்குத் தெரியாத அளவில் காற்றில் எப்போதும் கலந்திருக்கிறது. சாக்கடை, தேங்கிய நீர், அழுகும் இலைதழை, எரியும் எரிபொருள் என்று அது பல இடங்களிலிருந்து வருகிறது. காற்றில் ஈரமும் இருந்தால் இந்த வாயு வெள்ளியோடு வினைபுரிந்து வெள்ளி சல்ஃபைடு என்ற சேர்மத்தை உண்டாக்கும். அதுதான் அந்தக் கறுப்பு.

இரும்பில் பிடிக்கும் துருவுக்கு ஆக்சிஜன் காரணம். வெள்ளி சாதாரண வெப்பநிலையில் ஆக்சிஜனைப் பொருட்படுத்துவதில்லை, கந்தகத்திடம்தான் தோற்கிறது. படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது இளமஞ்சளாகத் தெரியும். தடிக்கத் தடிக்கப் பழுப்பு, ஊதா, நீலம் என்று மாறிக் கடைசியில் கறுப்பாகும். மஞ்சள் தட்டும்போதே கவனித்தால் மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். கறுப்பாகும்வரை விட்டால் வேலை கூடும்.

கறுப்பைத் தேய்த்தால் போவது எது?

வெள்ளி சல்ஃபைடில் எடைக்கு 87 சதவீதம் வெள்ளி, 13 சதவீதம்தான் கந்தகம். நாம் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவுவதில் பெரும்பகுதி நகையின் சொந்த வெள்ளிதான்.

அது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 100 கிராம் எடையுள்ள ஒரு ஜோடிக் கொலுசின் வளையங்கள், முத்துகள், சலங்கைகள் எல்லாவற்றின் மேற்பரப்பும் சேர்ந்து 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கறுப்புப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அப்படியானால் அந்தப் படலத்தில் உள்ள வெள்ளி சுமார் 13 மில்லிகிராம். எடையாகப் பார்த்தால் அது அற்பம்.

சிக்கல் எடையில் இல்லை, வேலைப்பாட்டில் இருக்கிறது. தேய்க்கும் பொடி, படலம் எங்கே முடிகிறது என்று அறியாது. அதற்கடியில் உள்ள நல்ல வெள்ளியையும் சுரண்டும். அதுவும் பள்ளங்களை விட்டுவிட்டு, மேடான இடங்களையே திரும்பத் திரும்பத் தாக்கும். பல ஆண்டுகள் தேய்த்த கொலுசில் மாங்காய், கொடி, பூவிதழ் ஆகியவற்றின் விளிம்புகள் மழுங்கி மொட்டையாகத் தெரிவது இதனால்தான். வளையங்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் இடங்களில் கம்பி மெலிந்து, ஒருநாள் அறுந்தும் போகும்.

பற்பசையால் தேய்ப்பது இந்தக் கேட்டை விரைவுபடுத்தும். பல்லின் எனாமல் மிகக் கடினமானது. அதை விளக்குவதற்காகவே பற்பசையில் கால்சியம் கார்பனேட், சிலிக்கா போன்ற பொடிகள் சேர்க்கப்படுகின்றன. வெள்ளியோ நகத்தைவிடச் சற்றே கடினமான மென்மையான உலோகம். பற்பசையால் தேய்த்ததும் வரும் பளபளப்பு, மயிரிழைக் கீறல்களோடு வருகிறது. சாம்பலும் பாத்திரம் துலக்கும் தூளும் இதே வகை.

புளியின் கதை வேறு. பித்தளையிலும் செம்பிலும் படியும் ஆக்சைடைப் புளியின் அமிலம் கரைத்துவிடும், அதனால் குத்துவிளக்கு பளிச்சென்று ஆகிறது. வெள்ளி சல்ஃபைடு அப்படிக் கரையாது. புளி போட்டுத் தேய்த்து வெள்ளியின் கறுப்பு போயிருந்தால், அதைப் பெரும்பாலும் போக்கியது நாரின் உராய்வுதான். பூந்திக்கொட்டை நீரும் கறுப்பை அகற்றாது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கையும் தோல் அழுக்கையும் நன்றாகக் கிளப்பிவிடும். நகைத் தொழிலாளிகள் அதை மென்தூரிகையோடு இன்றும் பயன்படுத்துவது அதற்காகத்தான்.

சுரண்டாமல் திருப்பும் வழி

கறுப்பிலுள்ள வெள்ளியை நகையிலேயே விட்டுவிட்டு, கந்தகத்தை மட்டும் வெளியேற்ற ஒரு வழி உண்டு. அதற்கு அலுமினியத் தாளும் ஆப்பச் சோடாவும் போதும். வெள்ளியைவிட அலுமினியம் எலக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும். இரண்டும் வெந்நீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அலுமினியத்திலிருந்து எலக்ட்ரான்கள் கறுப்புப் படலத்துக்குப் பாயும். அங்கே கந்தகத்தோடு பிணைந்திருந்த வெள்ளி மீண்டும் உலோக வெள்ளியாகும், கந்தகம் நீருக்குப் போய்விடும். அலுமினியத்தின் மேல் இயல்பாக இருக்கும் காப்புப் படலத்தைச் சோடாவும் சிறிதளவு உப்பும் இளக்கி, வினை தடையின்றி நடக்க உதவுகின்றன.

முதலில் இளஞ்சூடான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான பல்துலக்கியால் கொலுசை மெதுவாகத் துலக்குங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வினை அந்த இடத்தில் நடக்காது, கறுப்பு திட்டுத்திட்டாக நின்றுவிடும். பிறகு ஒரு கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தின் உட்புறம் முழுக்க அலுமினியத் தாளை விரியுங்கள். அதன்மேல் கொலுசை ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் பரப்புங்கள். ஒரு மேசைக்கரண்டி ஆப்பச் சோடாவும் அரைத் தேக்கரண்டி உப்பும் தூவுங்கள். கொதித்து இறக்கிச் சற்று ஆறிய நீர் ஒரு லிட்டரை மெதுவாக ஊற்றுங்கள். நுரை பொங்கும், ஆகவே கிண்ணம் பெரிதாக இருக்கட்டும்.

சில நொடிகளில் அழுகிய முட்டை வாடை எழும். கொலுசைப் பற்றியிருந்த கந்தகம் வெளியேறுகிறது என்பதற்கு அதுவே அறிகுறி. சன்னலைத் திறந்து வையுங்கள், கிண்ணத்தின் மேல் குனிந்து முகர வேண்டாம். இரண்டு நிமிடம் கழித்து மரக்கரண்டியால் கொலுசைப் புரட்டுங்கள். அலுமினியத்தைத் தொடாத பக்கம் தாமதமாகத்தான் வெளுக்கும். ஐந்து நிமிடம் போதும். கறுப்பு மீதமிருந்தால் தாளையும் நீரையும் மாற்றி இன்னொரு முறை செய்யலாம். அதே நீரில் மணிக்கணக்காக ஊறப்போடுவதில் பயனில்லை. வீட்டு அலுமினியப் பாத்திரத்தில் இதைச் செய்யாதீர்கள், பாத்திரம் அரிக்கும். ஆப்பச் சோடாவுக்குப் பதில் சலவைச் சோடாவும் வேண்டாம், அதன் காரம் மிகக் கடுமையானது.

எடுத்ததும் ஓடும் நீரில் நன்றாக அலசி, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். சலங்கைக்குள்ளும் கண்ணிகளுக்கு இடையிலும் நீர் தங்கும். மின்விசிறிக் காற்றில் சில மணி நேரம் வைத்து முழுதாக உலர்த்திய பிறகே பெட்டியில் வையுங்கள்.

இந்த முறை கறுப்பைப் போக்கினாலும் கடைப் பளபளப்பை அப்படியே தராது. திரும்பி வரும் வெள்ளி, நுண்துளைகள் நிறைந்த படிவாக ஒட்டுவதால் மேற்பரப்பு சற்று மங்கலாக, பால்வெண்மையாகத் தெரியும். உலர்ந்த மென்துணியால் ஒரே திசையில் சிறிது துடைத்தால் மினுப்பு வரும். மங்கலாக விட்டுவிட்டால் அந்தச் சொரசொரப்பில் அடுத்த கறுப்பு சீக்கிரம் பிடிக்கும்.

எந்த நகைக்கு இது ஆகாது?

கல் பதித்தவை, மீனாகாரி வண்ணப் பூச்சு உள்ளவை, முத்தும் பவளமும் கோத்தவை, பசையால் ஒட்டியவை ஆகியவற்றை இந்த வெந்நீரில் போடக் கூடாது. கல் இருக்கையிலிருந்து கழலும், முத்து பொலிவிழக்கும். இவற்றுக்கு ஈரம் பிழிந்த துணியும் பிறகு உலர்ந்த துணியும் மட்டுமே. வேலைப்பாட்டின் பள்ளங்களை எடுத்துக்காட்ட வேண்டுமென்றே கறுப்பேற்றிய நகைகளும் உண்டு. அவற்றைப் போட்டால் அந்த அழகுக் கறுப்பும் சேர்ந்து போய்விடும்.

வெள்ளி முலாம் மட்டும் பூசிய நகையை எப்படி அறிவது? மேடான இடங்களில் மஞ்சளோ இளஞ்சிவப்போ எட்டிப் பார்த்தால், அடியில் பித்தளையோ செம்போ இருக்கிறது. அதைத் தேய்க்காமல் விடுங்கள். பச்சைத் திட்டு தெரிந்தால் அது செம்பு அரிப்பு. 925 முத்திரையுள்ள வெள்ளியிலும் ஆயிரத்துக்கு 75 பங்கு வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு, உறுதிக்காகச் சேர்க்கப்படுகிறது. கொலுசுகள் பலவற்றில் செம்பின் பங்கு இதைவிடக் கூடுதல். செம்பு கூடக்கூடக் கறுப்பும் கூடும். ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளியே கிடையாது. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. ஆகவே கறுத்தது என்பதற்காக மட்டும் கடைக்காரரைக் குறை கூற முடியாது. முத்திரை எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கறுப்பைத் தள்ளிப்போடுவது

காலில் இருக்கும் கொலுசுக்குக் காற்றைவிட நெருங்கிய பகைகள் சில உண்டு. முடி நீக்கும் கிரீம்களில் கந்தகம் கலந்த சேர்மங்கள் இருக்கின்றன. பூசுமுன் கொலுசைக் கழற்றாவிட்டால் உடனே கறுத்துவிடும். சொறி, படை முதலியவற்றுக்குத் தரப்படும் கந்தகச் சோப்பும் களிம்பும் அப்படியே. பட்டாசு மருந்தில் கந்தகம் இருப்பதால் தீபாவளிக்குப் பட்டாசு வெடித்த கையில் வெள்ளி மோதிரம் மங்கும். பிளீச்சிங் பவுடர், கழிப்பறைத் திரவங்களில் உள்ள குளோரின் வேறு விதமாக அரிக்கும். குளியலறை கழுவும் முன் மெட்டியையும் மோதிரத்தையும் கழற்றி வைப்பது நல்லது. மற்றபடி நாள்தோறும் அணிவது கெடுதல் இல்லை. தோலும் துணியும் உரசுவதால் படலம் தடிக்க வாய்ப்புக் குறைகிறது. கழற்றும்போது வியர்வையை ஈரத்துணியால் துடைத்து உலர வைத்தால் போதும்.

பெட்டியில் வைக்கும்போது கந்தகமும் ஈரமும் உள்ளே வராமல் பார்ப்பதே வேலை. ரப்பர் பேண்டால் கட்டவே கூடாது. ரப்பரை உறுதியாக்கக் கந்தகம் சேர்ப்பார்கள், பேண்ட் பட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழும். கம்பளித் துணியிலும் கந்தகம் உண்டு. கஞ்சி போடாமல் துவைத்துக் காயவைத்த பழைய வெள்ளைப் பருத்தி வேட்டித் துண்டு சிறந்தது. அதில் சுற்றி, காற்றைப் பிதுக்கி எடுத்து, அழுத்தி மூடும் பாலித்தீன் பையில் வையுங்கள். தடித்த வாசனையுள்ள பிவிசி உறை வேண்டாம், அது நாளடைவில் அமில வாயுவை வெளியிடும். பைக்கு ஒரு நகை என்று வைத்தால் ஒன்றோடொன்று உரசிக் கீறாது. உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஈரத்தை வாங்கும். நகைக் கடைகளில் கிடைக்கும் கறுப்புத் தடுப்புத் தாள் கந்தகத்தை வாங்கும். இரண்டும் நிரம்பியதும் வேலை செய்யாது, ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இப்படி வைத்தால் கொலுசுக்கு அலுமினியக் குளியல் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ போதும். மேடுகளில் நிறம் மாறியிருந்தாலோ, கொக்கிக்கு அருகே வளையம் மெலிந்திருந்தாலோ மட்டும் வீட்டில் எதுவும் செய்யாமல் பத்தரிடம் கொடுங்கள். மெலிந்த வளையத்தை மாற்றுவது சிறு வேலை. நடக்கும்போது அறுந்து தொலைந்த கொலுசை மீட்க எந்தச் சோடாவும் உதவாது.