30 மில்லியின் கணக்கு

ஒரு பெக் மதுவின் அடக்க விலை அதன் விற்பனை விலையில் எத்தனை சதவீதம் என்பதைப் பார் தொழிலில் போர் காஸ்ட் என்கிறார்கள். இந்திய ஓட்டல் பார்களில் ஸ்மால் என்றால் 30 மில்லி, லார்ஜ் என்றால் 60 மில்லி. 750 மில்லி பாட்டிலில் 25 ஸ்மால் தேறும். உதாரணமாக, பாட்டிலின் கொள்முதல் விலை 1,500 ரூபாய் என்றால் ஒரு ஸ்மாலின் அடக்கம் 60 ரூபாய். வரி நீங்கலாக அதை 300 ரூபாய்க்கு விற்றால் போர் காஸ்ட் 20 சதவீதம்.

இது காகிதத்தில் வரும் எண். நடந்தது என்ன என்பதை இருப்புக் கணக்குதான் சொல்லும். அதே விஸ்கியை ஒரு வாரத்துக்குப் பார்க்கலாம். வாரத் தொடக்கத்தில் கையிருப்பு 6.4 பாட்டில், ஸ்டோரிலிருந்து வந்தது 12, வார முடிவில் மிச்சம் 5.9. ஆக, தீர்ந்தது 12.5 பாட்டில். அதன் அடக்கம் 18,750 ரூபாய். பில் போட்டதோ 280 ஸ்மாலுக்கு, அதாவது 84,000 ரூபாய்க்கு. போர் காஸ்ட் 22.3 சதவீதமாக நிற்கிறது.

இரண்டே கால் சதவீதம்தானே என்று பல மேலாளர்கள் இதைக் கடந்துவிடுகிறார்கள். அது தவறு. மில்லியில் பார்த்தால் தீர்ந்தது 9,375 மில்லி. பில்லில் இருப்பது 8,400 மில்லி. காணாமல் போனது 975 மில்லி, அதாவது ஒரு பாட்டிலுக்கும் மேலே. தீர்ந்த சரக்கில் பத்தில் ஒரு பங்கு எங்கே போனது என்பதற்குக் கணக்கில்லை. அதனால்தான் பார் முழுமைக்கும் ஒரே சதவீதம் போட்டுப் பார்ப்பது போதாது. பிராண்டு வாரியாக மில்லியில் பார்க்க வேண்டும். இருப்பை எண்ணும் நேரமும் பில் கணக்கை முடிக்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். பார் மூடிய பிறகு எண்ணுவதே நல்லது.

குறைவதற்குக் காரணம் அதிகம் ஊற்றுவது மட்டும்தான் என்றால், ஒவ்வொரு ஸ்மாலிலும் ஏறத்தாழ மூன்றரை மில்லி கூடுதலாக விழுந்திருக்கும். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் ஒரே கை ஊற்றுகிற எல்லா பிராண்டுகளிலும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைவு தெரியும். மற்றவை சரியாக இருந்து ஒரு பிராண்டு மட்டும் குறைந்தால், பில் போடாமல் கொடுத்தது, பாட்டில் உடைந்தது, எண்ணிக்கைப் பிழை ஆகியவற்றைத் தேட வேண்டும். சரக்கு குறையாமல் மிஞ்சினாலும் மகிழ்வதற்கில்லை. அளவு குறைத்து ஊற்றுகிறார்கள் அல்லது பாட்டிலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அங்கே ஏமாறுவது பணம் கொடுத்துக் குடிப்பவர்.

கூடுதலாக ஊற்றுவதைத் தடுக்க நம்பகமான வழி பெக் மெஷர்தான். அதையும் விளிம்புவரை நிரப்ப வேண்டும். கூர்முனைக் கூம்பு வடிவ அளவையில் உயரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே கொள்ளளவில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். அகன்ற வாய்ப்பக்கம்தான் அதிகம் பிடிக்கிறது. நிறைந்த பிறகும் பாட்டிலைச் சாய்த்தபடியே அளவையைக் கிளாசில் கவிழ்ப்பது இன்னொரு வழக்கம். அந்த 'கூடுதல் துளி' எந்த அளவையிலும் அடங்காது.

பாட்டில் வாயில் போரர் செருகி, மனதுக்குள் எண்ணியபடி கையளவில் ஊற்றுவது வேகமானது. கூட்டம் நெருக்கும் இரவில் அதன் பயன் தெரியும். ஆனால் சர்க்கரை நிறைந்த லிக்யூர் மெதுவாக விழும். போரரின் காற்றுத் துளை அடைத்தாலும் வேகம் மாறும். அப்படி ஊற்றுபவர்கள் பணி தொடங்கும் முன் தண்ணீரை ஊற்றி, அளவுக் குடுவையில் சரிபார்க்க வேண்டும். ஒரு முறை சரியாக வந்தால் போதாது. ஐந்தாறு முறை தொடர்ந்து வர வேண்டும்.

கொட்டியது, உடைந்தது, தவறாகக் கலந்து திரும்பி வந்தது, விருந்தினருக்கு இலவசமாகக் கொடுத்தது ஆகிய எல்லாவற்றையும் அந்த நேரத்திலேயே சேதப் பதிவேட்டில் எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இரவு முடிந்த பிறகு நினைவிலிருந்து எழுதினால், ஏற்கெனவே குறைந்ததைச் சரிக்கட்டும் எழுத்தாக அது மாறிவிடும். மேலே சொன்ன 975 மில்லியில் 300 மில்லிக்கு அன்றன்றே எழுதிய பதிவு இருந்தால், தேட வேண்டியது 675 மில்லிதான். காலி பாட்டிலைக் கொடுத்தால்தான் புதுப் பாட்டில் என்ற நடைமுறையும் உதவும்.

திறந்த பாட்டிலில் மீதி எவ்வளவு என்பதைக் கண்ணால் மதிப்பிட்டால் பிழை வரும். எடை போடுவது மேல். நம் நாட்டு விஸ்கி, ரம் போன்றவற்றில் 750 மில்லியின் எடை சுமார் 710 கிராம். எடையிலிருந்து காலி பாட்டிலின் எடையைக் கழித்து, மீதியை 0.95-ஆல் வகுத்தால் மில்லி கிடைக்கும். இனிப்பான லிக்யூர்களின் அடர்த்தி இதைவிட அதிகம் என்பதால், ஒவ்வொன்றுக்கும் நிறைந்த பாட்டிலையும் காலி பாட்டிலையும் தனியே எடை போட்டுக் குறித்து வைக்க வேண்டும்.