ஜனவரிக்கு எண் பூஜ்ஜியம்

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். தேதிக்கான பகுதி ஜாவாவைப் பார்த்து எழுதப்பட்டது. ஜாவாவோ பழைய சி மொழியின் வழக்கத்தைப் பின்பற்றியது. சி மொழியில் பட்டியல்கள் பூஜ்ஜியத்தில் தொடங்கும்; மாத எண்ணைக் கொண்டு பெயர்ப் பட்டியலில் நேரே பெயரை எடுத்துவிடலாம். அதனால் ஜனவரி 0, டிசம்பர் 11. நாள் மட்டும் வழக்கம்போல 1இல் தொடங்குகிறது. குழப்பமே இந்தக் கலப்பில்தான்.

```
new Date(2024, 1, 31)
```

ஜனவரி 31 என்று நினைத்து இப்படி எழுதினால், 1 என்பது பிப்ரவரி. அந்த ஆண்டு பிப்ரவரிக்கு 29 நாள்தான். மிஞ்சிய இரண்டு நாள் அடுத்த மாதத்துக்குத் தள்ளப்பட்டு, மார்ச் 2 என்று விடை வரும். பிழைச் செய்தி ஏதும் வராது.

பயனர் தரும் மாத எண்ணில் ஒன்றைக் கழித்தே `Date`க்குக் கொடுங்கள். `getMonth()` தருவதில் ஒன்றைக் கூட்டியே திரையில் காட்டுங்கள்.