பெயர் ஒன்று, மரபு வேறு: சடங்கில் வழங்கும் கோத்திரம், கோயில், கூட்டப் பெயர்கள்

முன்னுரை

தமிழர் பெயரிடுமுறையில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னொட்டாக நிற்கும். அது ஒரு தலைமுறையை மட்டுமே சுட்டும்; மகன் பெயருக்கு முன் தந்தையின் எழுத்து வந்ததும் பாட்டனின் எழுத்து மறைந்துவிடும். தலைமுறைதோறும் மாறாது தொடரும் குடும்பப் பெயர் தமிழரிடையே பரவலாக இல்லை. எனினும், ஒருவர் எம்மரபினர் என்பதைத் தவறாமல் அறிந்தாக வேண்டிய மூன்று இடங்கள் உள்ளன. தெய்வத்தின்முன் வழிபடுவோரை அறிவித்தல், மணத்திற்குரியாரையும் உரியரல்லாதாரையும் பிரித்தல், இறந்தோர்க்கு நீர்க்கடன் செய்தல் என்பன அவை. இவ்விடங்களில் குடும்பப் பெயரின் பணியைக் கோத்திரம், குலதெய்வக் கோயில், கூட்டம் ஆகியவற்றின் பெயர்கள் செய்கின்றன. இவை அன்றாட விளிப்பெயர்கள் அல்ல. சடங்கு கேட்கும்போது மட்டும் சொல்லப்படுபவை. அவ்வாறு சொல்லப்படும் பெயர் ஒன்றாயிருப்பதாலேயே மரபும் ஒன்றாகிவிடுவதில்லை; பெயர் வேறாயிருப்பதாலேயே மரபு வேறாகிவிடுவதும் இல்லை. இவ்விரு நிலைகளும் எவ்வாறு அமைகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சங்கற்பத்தில் மரபுப் பெயரின் இடம்

வைதிகச் சடங்குகளின் தொடக்கத்தில் சொல்லப்படும் சங்கற்பம் பெரியதிலிருந்து சிறியதை நோக்கிச் செல்வது. கற்பம், மனுவந்தரம், யுகம் எனக் காலமும், சம்புத்தீவு, பாரத வருடம் என இடமும் முதலில் கூறப்படும். பின்னர் அறுபதாண்டுச் சுழற்சியில் அவ்வாண்டின் பெயர், அயனம், பருவம், மாதம், பக்கம், திதி, கிழமை, நாண்மீன் ஆகியவை முறையே வரும். அதன் பின்னரே செய்விப்போர் அறிமுகமாகின்றார். அவரது கோத்திரம் முதலிலும், பிறந்த நாண்மீனும் இராசியும் அடுத்தும், இயற்பெயர் இறுதியிலும் கூறப்படும். கோயிலில் அருச்சனை செய்வோர் கேட்கும் வினாக்களும் இவ்வரிசையின் சுருக்கமே.

இவ்வமைப்பில் கோத்திரம் தனித்து நின்று ஒருவரை அடையாளப்படுத்துவதில்லை. ஒரே கோத்திரத்தார் பல்லாயிரவர் இருப்பர். ஒரே நாண்மீனில் பிறந்தோரும் பலர். இவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போதே சுட்டு குறுகி ஒரு மனிதரிடம் வந்து நிற்கிறது. கோத்திரம் அறியாதார்க்குக் காசியப கோத்திரம் சொல்லும் வழக்கம் உண்டு. சிவன் கோயில்களில் சிவ கோத்திரம் என்றும், திருமால் கோயில்களில் விட்டுணு கோத்திரம் என்றும் சொல்லி நிரப்புவதும் உண்டு. இங்கெல்லாம் அப்பெயர் வாய்பாட்டின் வெற்றிடத்தை நிரப்புகிறதேயன்றி மரபைச் சுட்டுவதில்லை. எனவே அருச்சனைச் சீட்டில் காணும் கோத்திரப் பெயரைக் கொண்டு ஒரு குடும்பத்தின் மரபை முடிவு செய்தல் இயலாது. மரபுப் பெயர் உண்மையில் சோதிக்கப்படும் இடம் மணமே.

பெயர் வேறு, மரபு ஒன்று: கர்க்கரும் பரத்துவாசரும்

கோத்திரம் ஒரு முனிவரின் பெயரால் வழங்குவது. அக்கோத்திரத்தார் தம் முன்னோராக வரிசைப்படுத்திச் சொல்லும் முனிவர் பெயர்த்தொகுதி பிரவரம் எனப்படும். மூத்தோரை வணங்கித் தம்மை அறிவிக்கும் அபிவாதனத்தில் பிரவரம், கோத்திரம், சூத்திரம், வேதசாகை, இயற்பெயர் என இவை முழுமையாக ஒலிக்கும்.

மணப்பொருத்தத்தில் கோத்திரப் பெயரை மட்டும் ஒப்பிடுவது போதாது என்பதற்குக் கர்க்க கோத்திரம் தக்க சான்றாகும். பரத்துவாச கோத்திரத்தார் சொல்லும் பிரவரம் ஆங்கிரசர், பார்கசுபத்தியர், பாரத்துவாசர் என மூவரைக் கொண்டது. கர்க்க கோத்திரத்தாருள் ஐவர் பிரவரம் சொல்வோர் இதே மூவரைக் கூறி, அவர்களோடு சைனியர், கார்க்கியர் என்னும் இருவரையும் சேர்ப்பர். பெண் கர்க்க கோத்திரம், பிள்ளை பரத்துவாச கோத்திரம் என்று மட்டும் கேட்போருக்கு இவர்கள் இரு மரபினராகத் தோன்றுவர். பிரவரத்தைச் சொல்லச் செய்தால் மூவர் பெயரும் பொதுவாயிருத்தல் புலப்படும்.

பிருகு, ஆங்கிரச மரபுகளுக்கு உரிய விதி, ஐவர் பிரவரத்தில் மூவரும் மூவர் பிரவரத்தில் இருவரும் பொதுவாயின் அதனை ஒரே மரபாகக் கொள்கிறது. பிற மரபுகளில் ஒரு முனிவர் பொதுவாயினும் மணம் விலக்கப்படும். ஆங்கிரசர் பெயர் பல கோத்திரங்களில் வருதலின், ஒரு பெயர் பொதுவாதல் அங்கு விலக்குக்குப் போதியதாகக் கொள்ளப்படவில்லை. கர்க்கருள் மூவர் பிரவரம் சொல்வோரும் உளர். அவர்களைப் பெயர் எண்ணிக்கையால் மட்டும் அளந்தால் முடிவு மாறக்கூடும். ஆயினும் போதாயன மரபு கர்க்கரைப் பரத்துவாச கணத்திலேயே அடக்குதலின் அவர்களும் விலக்குக்கு உட்படுவர். ஆகவே கோத்திரம், அதன் பின் பிரவரம், அதன் பின் கணம் என்னும் மூன்று படிகளையும் கடந்த பின்னரே மணமுடிவு பெறப்படும்.

பெயர் ஒன்று, மரபு வேறு: அரசர் கோத்திரங்கள்

இதற்கு மறுதலையான நிலையைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் காட்டுகின்றன. பல்லவர் தம்மைப் பாரத்துவாச கோத்திரத்தார் என்றனர். கதம்பரும் வாதாபிச் சாளுக்கியரும் ஒருங்கே மானவிய கோத்திரத்தையும் ஆரீதியின் மைந்தர் என்னும் அடையையும் பூண்டனர். இவ்வொப்புமையை மட்டும் கொண்டு இவ்விரு அரசமரபினரும் ஒரு குடியினர் என்று கொள்ளுதல் பொருந்தாது. யாஞ்ஞவல்கிய மிருதிக்கு உரை கண்ட விஞ்ஞானேசுவரர், அரசர்க்கும் வணிகர்க்கும் தமக்கென முனிவர் கோத்திரம் இல்லாமையின் அவர்தம் புரோகிதரின் கோத்திரப் பிரவரங்களே அவர்க்கும் உரியவை என்பார். இவ்விதியின் ஒளியில் காணும்போது, அரசர் கோத்திரம் குருதியுறவைச் சுட்டாது சடங்குறவைச் சுட்டுவதாகவும் இருக்கலாம்.

பிரமதேயச் செப்பேடுகளில் நிலைமை வேறு. நந்திவர்ம பல்லவனின் தண்டந்தோட்டச் செப்பேடு நிலம் பெற்ற அந்தணர் பலரைக் கோத்திரத்தோடும் சூத்திரத்தோடும் பட்டியலிடுகிறது. அங்கு ஒரே இயற்பெயர் பலர்க்கு இருப்பதால், பங்கு உரியாரைப் பிரித்தறியக் கோத்திரம் பயன்படுகிறது. ஒரே சொல் ஒரு ஆவணத்தில் புகழ்ச்சியாகவும் மற்றொன்றில் உரிமைச் சான்றாகவும் அமைவது நினைவிற் கொள்ளத்தக்கது.

கோயிலே கோத்திரமாதல்: நகரத்தார் வழக்கு

செட்டிநாட்டு நகரத்தார் மணவிலக்கில் முனிவர் பெயருக்குரிய இடத்தைக் கோயில் பெயர் கொள்கிறது. இளையாற்றங்குடி, மாற்றூர், வயிரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என ஒன்பது நகரக் கோயில்கள் உள்ளன. ஒவ்வொரு குடும்பமும் இவற்றுள் ஒன்றைச் சார்ந்தது. ஒரு கோயிலைச் சார்ந்தோர் பங்காளிகள். இளையாற்றங்குடி, மாற்றூர் ஆகிய இரண்டிலும் உட்பிரிவின் பெயரையும் சேர்த்துச் சொல்வர்.

கர்க்கர், பரத்துவாசர் நிலையை ஒத்த நிலை இங்கும் உண்டு. இரணியூர்க் கோயிலாரும் பிள்ளையார்பட்டிக் கோயிலாரும் தம்மை உடன்பிறந்தார் வழியினராகக் கருதுவதால் ஒருவர்க்கொருவர் பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லை. கோயில் இரண்டு, தெய்வம் இரண்டு, ஊர் இரண்டு. ஆயினும் மணவிலக்கில் மரபு ஒன்று. பெயரளவில் ஒப்பிடும் அயலாருக்கு இது புலப்படாது. உறவுமுறையை அறிந்த சமூகத்தாரின் நினைவே இங்குப் பிரவரத்தின் பணியைச் செய்கிறது.

இம்முறை நினைவோடு நின்றுவிடுவதும் இல்லை. திருமணத்தின்போது இருவீட்டார் கோயில்களிலிருந்தும் மாலை வருவது வழக்கம். மணமானபின் அவ்விணையர் மணமகன் கோயிலில் ஒரு புள்ளியாகக் கொள்ளப்படுவர். கோயிலுக்குரிய வரியும் புள்ளிக் கணக்கில் அமையும். கோயில் மாலை மணத்தைச் சமூகம் ஏற்றதற்கு அடையாளமாகவும், புள்ளிக் கணக்கு மரபின் பதிவேடாகவும் ஆகின்றன. ஒலிவடிவில் மட்டும் கையளிக்கப்படும் கோத்திரத்திற்கு இத்தகைய பதிவு இல்லை.

தெய்வம் ஒன்று, கூட்டம் வேறு: கொங்கு வழக்கு

கொங்கு வேளாளரிடையே மணவிலக்கு கூட்டத்தைப் பொறுத்தது. ஆந்தை, காடை, கண்ணன், தூரன், பயிரன், செங்கண்ணன் முதலிய கூட்டப் பெயர்கள் இயற்பெயரோடு ஒட்டி எழுதப்படுவதில்லை, மணப்பேச்சில் கேட்டறியப்படுகின்றன. ஒரே கூட்டத்தார் பங்காளிகள். பிற கூட்டத்தார் மாமன் மச்சான் முறையினர். ஒரு கூட்டத்தார் பல ஊர்களில் காணி பெற்றுப் பரவியதால், அவ்வக் காணியின் தெய்வம் அவ்வக் கிளையின் குலதெய்வமாகியது. இதனால் ஒரே கூட்டத்தார்க்குள் குலதெய்வம் வேறுபடுதல் கூடும். ஒரே காணிக் கோயில் இரு கூட்டத்தார்க்கு உரியதாதலும் உண்டு.

ஆதலின், எங்கள் குலதெய்வம் வேறு என்னும் விடை இங்கு மணத்திற்கு இசைவாகாது. குலதெய்வம் ஒன்று என்னும் விடை தடையாகவும் ஆகாது. நகரத்தாரிடம் கோயிலே மரபின் எல்லையாக இருக்க, கொங்கில் கோயில் மரபின் இருப்பிடத்தை மட்டும் சுட்டுகிறது. எல்லை வகுப்பது கூட்டமே. களப்பணியில் குலதெய்வப் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு கூட்டத்தையும் காணியையும் கேளாது விட்டால் உறவுமுறை தலைகீழாகப் பதிவாகிவிடும்.

பெண்ணும் மரபுப் பெயரும்

இம்மூன்று முறைகளிலும் மணத்தால் பெண் கணவன் மரபில் சேர்கிறாள். வைதிக மணத்தில் கன்னிகாதானத்தின்போது அவள் தந்தையின் கோத்திரத்தில் கொள்ளுப்பாட்டன், பாட்டன், தந்தை என மூவர் வழியாக மும்முறை அறிவிக்கப்படுவாள். அதன்பின் கணவன் கோத்திரமே அவளுக்குரியது.

பிறந்த மரபு அதனோடு முற்றிலும் மறைவதில்லை. அமாவாசைத் தருப்பணத்தில் மகன் இறந்த தாயைத் தன் கோத்திரத்திலேயே அழைக்கிறான். தாயின் தந்தையை அவருடைய கோத்திரத்தில் அழைக்கிறான். ஒரே சடங்கில் இரண்டு கோத்திரங்கள் ஒலிக்கின்றன. கணவன் வீட்டுப் பெயரை ஏற்கும் குடும்பப் பெயர்முறையில் பேரன் வாயில் தாய்வழிப் பாட்டனின் மரபுப் பெயர் இவ்வாறு கட்டாயமாக வருவதற்கு இடமில்லை.

முடிவுரை

ஒரே கோத்திர மணம் என்பதனால் மட்டும் திருமணம் செல்லாது என்னும் நிலையை 1946-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் கோத்திரத்தைக் கருதாது, தந்தைவழியில் ஐந்தும் தாய்வழியில் மூன்றும் ஆகிய தலைமுறைகளுக்குட்பட்ட சபிண்ட உறவையே, வழக்காறு இசையாவிடத்து, விலக்குகிறது. சட்டம் எண்ணுவது தலைமுறைகளை. சடங்கு கேட்பது பெயரை. இரண்டும் ஒரே கேள்விக்கான இரு விடைகள் அல்ல.

மேற்கண்டவற்றால், கோத்திரமும் குலதெய்வமும் குடும்பப் பெயருக்கு நேர்மாற்றாகக் கொள்ளத்தக்கன அல்ல என்பது பெறப்படும். குடும்பப் பெயர் எங்கும் ஒரே பொருளில் நிற்பது. மரபுப் பெயரோ சங்கற்பத்தில் வாய்பாட்டுறுப்பாகவும், மணத்தில் எல்லையாகவும், நீர்க்கடனில் முகவரியாகவும், அரசர் ஆவணத்தில் சடங்குறவின் குறியாகவும் நிற்பது. ஆகவே ஒரு மரபுப் பெயரைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர் அது எச்சடங்கில், யாரால், எவ்வினாவிற்கு விடையாகச் சொல்லப்பட்டது என்பதையும் அப்பெயரோடு சேர்த்தே பதிவு செய்தல் வேண்டும்.