கூட்டுத்தொகை மாறாமல் நெருங்கும் எண்கள்

நான்கு மிகை எண்களைக் கூட்டினால் 20 வர வேண்டும். அந்த நான்கையும் பெருக்கினால் அதிகபட்சம் எவ்வளவு வரும்? 1, 3, 6, 10 என்று எடுத்தால் பெருக்கற்பலன் 180. நான்கும் 5 ஆக இருந்தால் 625. இதை மிஞ்ச முடியாது என்று பலருக்கும் தோன்றும். ஆனால் கூட்டினால் 20 தரும் எண்கள், பின்னங்களையும் சேர்த்தால், எண்ணிலடங்காதவை. எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க முடியாது. அதற்கென்று கணிதப் போட்டிகளுக்குத் தயாராகும் மாணவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ‘ஸ்மூத்திங்’ என்பார்கள்.

ஒரே நேரத்தில் நான்கு எண்களோடும் மல்லுக்கட்டாமல், இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் அதன் சாரம். மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டு, இந்த இரண்டின் கூட்டுத்தொகை மாறாதபடி ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்டி, இரண்டையும் நெருக்கமாகக் கொண்டுவருகிறோம். அப்போது பெருக்கற்பலன் என்ன ஆகிறது என்று பார்க்கிறோம்.

இரண்டு எண்களின் கூட்டுத்தொகை s, வித்தியாசம் d என்றால், அவற்றின் பெருக்கற்பலன் (s² − d²)/4. யூக்ளிடின் நூலின் இரண்டாம் பகுதியில், ஐந்தாவது தேற்றமாக இதே உண்மை கோடுகளும் செவ்வகங்களுமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இதில் s மாறவில்லை, d மட்டும் குறைகிறது என்றால் பெருக்கற்பலன் கூடியே ஆக வேண்டும். 1, 10 என்ற இரண்டையும் பெருக்கினால் 10. அதே கூட்டுத்தொகை கொண்ட 5, 6 இரண்டையும் பெருக்கினால் 30.

இனி மேலே எடுத்த எண்களுக்கு வருவோம். சராசரி 5. மிகச் சிறிய 1ஐ 5 ஆக உயர்த்தி, மிகப் பெரிய 10ஐ 6 ஆகக் குறைக்கிறோம். எண்கள் இப்போது 5, 3, 6, 6, பெருக்கற்பலன் 540. அடுத்து 3ஐ 5 ஆக்கி, ஒரு 6ஐ 4 ஆக்குகிறோம்: 5, 5, 4, 6, பெருக்கற்பலன் 600. மிச்சமிருக்கும் 4, 6 இரண்டும் 5, 5 ஆகின்றன: 625. ஒவ்வொரு படியிலும் பெருக்கற்பலன் ஏறியது. மூன்றே படியில் எல்லாம் சமமாயின. எந்த நான்கு எண்களில் தொடங்கினாலும் இப்படித்தான் நடக்கும். ஆகவே 625ஐத் தாண்ட வழியில்லை. பள்ளியில் படிக்கும் ‘கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரியைவிடக் குறையாது’ என்ற முடிவுக்கு இதுவே ஒரு முழு நிரூபணம்.

ஒவ்வொரு முறையும் இரண்டு எண்களையும் சமமாக்காமல், ஒன்றை மட்டும் சராசரிக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1, 1, 4 என்ற மூன்று எண்களைப் பாருங்கள். சராசரி 2. மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் எடுத்து இரண்டையும் சமமாக்கினால் 1, 2.5, 2.5 கிடைக்கிறது. மறுபடி செய்தால் 1.75, 1.75, 2.5. அதற்கடுத்து 1.75, 2.125, 2.125. சராசரியிலிருந்து விலகல் ஒவ்வொரு முறையும் பாதியாகிறதே தவிர, ஒருபோதும் பூச்சியமாவதில்லை. இந்த வழி முடிவே இல்லாமல் போகும். ஒன்றை நேராகச் சராசரியில் நிறுத்திவிட்டால், அந்த எண்ணை மறுபடி தொட வேண்டியதில்லை. நான்கு எண்களுக்கு மூன்று படி, நூறு எண்களுக்கு அதிகபட்சம் 99 படி, வேலை முடிந்தது.

சிலர் படிகளை எண்ணாமல் குறுக்குவழியில் போவார்கள். ‘எண்கள் சமமாக இல்லாவிட்டால் பெருக்கற்பலனைக் கூட்ட முடியும், ஆகவே சமமாக இருக்கும்போதுதான் அது உச்சம்’ என்பார்கள். உச்சம் என்று ஒன்று இருக்கிறது என்பதை இது நிரூபிக்காமலே எடுத்துக்கொள்கிறது. ஜெர்மானியக் கணிதவியலாளர் ஆஸ்கர் பெர்ரோன் இதன் ஆபத்தை ஒரு வேடிக்கையால் காட்டினார். 1ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணையும் வர்க்கப்படுத்தினால் அதைவிடப் பெரிய எண் கிடைக்கிறது; எனவே அது மிகப் பெரிய எண் அல்ல; ஆகவே மிகப் பெரிய முழு எண் 1தான்! தர்க்கத்தின் வடிவம் அதேதான். மிகப் பெரிய எண் என்று ஒன்று இல்லாததால் முடிவு அபத்தமாகிவிட்டது.

அடுத்த கண்ணி திசை. நெருக்கினால் எல்லாக் கோவைகளும் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. 1984இல் பிராகா நகரில் நடந்த சர்வதேசக் கணித ஒலிம்பியாடின் முதல் கணக்கு இதற்கு நல்ல சான்று. x, y, z மூன்றும் பூச்சியமோ அதைவிடப் பெரியவையோ, கூட்டுத்தொகை 1. xy + yz + zx − 2xyz என்ற கோவை 7/27ஐத் தாண்டாது என்று காட்ட வேண்டும் (பூச்சியத்துக்குக் கீழே போகாது என்பதும் கணக்கின் ஒரு பகுதி).

y, z இரண்டையும் நெருக்குவதாக வைத்துக்கொள்வோம். கோவையை x(y + z) + yz(1 − 2x) என்று எழுதலாம். முதல் பகுதி மாறாது, yz கூடும். ஆனால் அதோடு நிற்கும் 1 − 2x எப்படி? x அரையைவிடப் பெரிதானால் அது குறை எண். அப்போது நெருக்குவது கோவையைக் குறைத்துவிடும். x = 0.6 என்று வைத்துப் பாருங்கள்: மற்ற இரண்டும் 0.4, 0 ஆக இருந்தால் மதிப்பு 0.24, அவற்றை 0.2, 0.2 ஆக நெருக்கினால் 0.232.

எனவே நிறுத்திவைக்கும் எண்ணைத்தான் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் எண்ணை நிறுத்திவைப்போம். அதைவிடச் சிறியதல்லாத இன்னொன்று இருப்பதால், அது அரையைத் தாண்டவே முடியாது. ஆகவே மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் தாராளமாக நெருக்கலாம், கோவை குறையாது. அவற்றில் ஒன்று 1/3 ஆகும்வரை நெருக்குகிறோம். சராசரி 1/3 என்பதால் மிகச் சிறியது அதற்கு மேலும் இருக்காது, மிகப் பெரியது அதற்குக் கீழும் இருக்காது. அதனால் இது எப்போதும் சாத்தியம். பிறகு அந்த 1/3ஐ நிறுத்திவைத்து, மற்ற இரண்டையும் சமமாக்குகிறோம். 1 − 2/3 மிகை எண் என்பதால் இந்தப் படியிலும் கோவை குறையாது. மூன்றும் 1/3 ஆனபோது கோவையின் மதிப்பு 9/27 − 2/27, அதாவது 7/27. இரண்டே படியில் கணக்கு முடிந்தது.

இனி இந்த முறையிலான ஒரு நிரூபணத்தைப் பார்த்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நெருக்கும்போது கோவை வேண்டிய திசையில்தான் நகர்கிறதா? படிகள் ஓர் இடத்தில் முடிகின்றனவா? இரண்டுக்கும் பதில் இல்லாவிட்டால் அது நிரூபணம் ஆகாது. பழகிப் பார்க்க ஒரு கணக்கு: நான்கு எண்களின் கூட்டுத்தொகை 20 என்றால் அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 100க்குக் கீழே போகாது என்று காட்டுங்கள். இதற்கும் அதே நகர்த்தல்கள் போதும். இங்கே ஒவ்வொரு படியிலும் தொகை இறங்கும்.