ஆலோசனைக் குழு அழைப்புக்கு ஒரு மறுப்புக் கடிதம்

அரசு மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு மருத்துவரை நினைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கென்று சத்துமாவு தயாரிக்கும் புதிய நிறுவனம் ஒன்று அவரைத் தன் ஆலோசனைக் குழுவில் சேர அழைக்கிறது. வருடத்துக்கு நான்கு கூட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை, பின்னாளில் கொஞ்சம் பங்கு. "உங்க நேரத்தை அதிகம் எடுத்துக்க மாட்டோம் டாக்டர்" என்று போனிலும் சொல்கிறார்கள்.

அவர்களுக்கு வேண்டியது அவருடைய நேரம் அல்ல என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. உணவுப் பொருளின் உறையில் 'மருத்துவர்கள் பரிந்துரைப்பது' என்று அச்சிட நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. ஆனால் நிறுவனத்தின் பிரசுரத்தில் 'எங்கள் ஆலோசகர்கள்' என்ற தலைப்பின் கீழ் ஒரு மூத்த மருத்துவரின் படம் இருந்தால், மாவு வாங்குகிறவர் அதையே பரிந்துரையாக எடுத்துக்கொள்வார். உறையில் சொல்ல முடியாததை அந்தப் படம் சொல்லிவிடும்.

இயக்குநர் குழுவும் ஆலோசனைக் குழுவும் ஒன்றல்ல. இயக்குநருக்கு ஓட்டு உண்டு, கணக்கைப் பார்க்கும் உரிமை உண்டு. அவருடைய கடமைகளை 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 166ஆம் பிரிவு வரையறுக்கிறது. ஆலோசகருக்கு அப்படி எதுவும் இல்லை. அவர் வேண்டாமென்று சொன்ன விளம்பரம் வெளிவந்தாலும் தடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. அந்த விளம்பரத்தோடு அவர் பெயர் மட்டும் சேர்ந்தே போகும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் மருத்துவ கவுன்சிலில் உள்ள பதிவு ஓய்வு பெறுவதில்லை. பதிவு இருக்கும்வரை நடத்தை விதிகளும் பொருந்தும். 2002ஆம் ஆண்டு விதிகளில் 2009இல் சேர்க்கப்பட்ட பகுதி, மருத்துவர் மருந்து நிறுவனங்களுக்கு ஆலோசகராக இருக்கலாம் என்கிறது. ஆனால் நோயாளியின் நலன் கெடக் கூடாது, தொடர்பு வெளிப்படையாக இருக்க வேண்டும், எந்த மருந்தையும் பொருளையும் பொதுவெளியில் சிபாரிசு செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. சத்துமாவு மருந்தல்ல என்று நிறுவனம் வாதாடலாம். அந்த வாதத்துக்குள் போகவே தேவையில்லாதபடி கடிதம் எழுதுவதுதான் நல்லது. இப்படி:

"வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது, அழைத்ததற்கு நன்றி. தங்கள் ஆலோசனைக் குழுவில் சேர எனக்குச் சம்மதம் இல்லை. நான் வைத்தியம் பார்த்த நோயாளிகளுக்குப் பொருள் விற்கும் எந்த நிறுவனத்திலும் பொறுப்பு ஏற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். என் பெயர், படம், பட்டம் எதையும் தங்கள் பிரசுரங்களிலோ முதலீட்டாளர்களுக்குத் தரும் ஆவணங்களிலோ பயன்படுத்த வேண்டாம். ஏற்கெனவே சேர்த்திருந்தால் நீக்கிவிட்டு எனக்குத் தெரிவியுங்கள். தாங்கள் அனுப்பிய உறையைப் பிரிக்காமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்."

இதற்கு மேல் எழுதத் தேவையில்லை. பண்பானவர்கள் தவறுவது பெரும்பாலும் காரணம் சொல்லும் இடத்தில்தான். 'தற்சமயம் இயலவில்லை' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து மறுபடி போன் வரும். 'உடல்நிலை இடம் தரவில்லை' என்றால், வீட்டிலிருந்தே வீடியோவில் கலந்துகொள்ளலாம் என்பார்கள். 'தொகை பற்றி யோசிக்க வேண்டும்' என்றால் பேரம் தொடங்கிவிட்டது என்று பொருள். நோயாளிகளைப் பற்றிய அந்த ஒரு காரணத்துக்கு மட்டும் எதிர்ச்சலுகை கிடையாது, ஏனென்றால் நிறுவனம் மாற்றித் தரக்கூடியது எதுவும் அதில் இல்லை.

இன்னொரு தவறு, மறுத்த கையோடு யோசனையும் சொல்லிவிடுவது. 'மாவில் நார்ச்சத்தைக் கூட்டினால் நல்லது' என்று நல்லெண்ணத்தில் ஒரு வரி எழுதிவிட்டால், 'மூத்த மருத்துவரின் ஆலோசனைப்படி மேம்படுத்தப்பட்டது' என்று அவர்கள் அச்சிட அதுவே போதும். தனக்குப் பதில் இன்னாரை அழையுங்கள் என்று ஜூனியர் ஒருவரின் பெயரை எழுதுவதும் வேண்டாம். அந்த ஜூனியருக்குப் போகும் அழைப்பில் இவருடைய பெயர்தான் முதலில் நிற்கும்.

உறையைப் பிரிக்காமல் அனுப்புவதற்கும் காரணம் உண்டு. உள்ளே தயாரிப்பு விவரங்களும் ரகசியக் காப்பு ஒப்பந்தமும் இருக்கலாம். படித்துவிட்டு மறுத்தால், பின்னாளில் அவர் வேறு யாருக்காவது இதே துறையில் யோசனை சொல்லும்போது, எங்கள் விவரத்தை வைத்துச் சொன்னார் என்ற பேச்சு எழும். பிரித்துப் பார்த்துவிட்டார் என்றால், அதை மறைக்காமல் படித்ததாகவே எழுதி, நகல் எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வரி சேர்க்கலாம்.

கடிதத்தை விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒரு மாதம் கழித்து நிறுவனத்தின் பிரசுரத்தையும் இணையதளத்தையும் பார்க்க வேண்டும். முதலீட்டாளர்களுக்கு ஆவணம் தயாரிக்கும் அவசரத்தில், அழைப்பு அனுப்பிய அன்றே படத்தைச் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படி இருந்தால், அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி படமெடுத்து, முதல் கடிதத்தின் நகலோடு, ஏழு நாளுக்குள் நீக்கும்படி நிர்வாக இயக்குநருக்கு நேரடியாக இரண்டாவது கடிதம் போக வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த கடிதத்தை வக்கீல்தான் எழுத வேண்டும்.