விண்டோஸை மாற்றினால் கீபோர்டின் நிறம் ஏன் மாறுகிறது?

கேமிங் கீபோர்டு வாங்கியவர்கள் பலரும் முதல் வாரத்திலேயே நிறம் தீட்ட உட்கார்ந்துவிடுவார்கள். WASD நான்கு விசைகளுக்கும் சிவப்பு, எண் வரிசைக்கு நீலம், மற்றதெல்லாம் மங்கலான வெள்ளை என்று பார்த்துப் பார்த்து அமைப்பார்கள். பிறகு ஒரு நாள் கம்ப்யூட்டர் இழுக்கிறதே என்று ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவார்கள். அல்லது கீபோர்டைக் கழற்றிப் புது லேப்டாப்பில் செருகுவார்கள். அப்போது பார்த்தால், டப்பாவைப் பிரித்த அன்று ஓடிய அதே வானவில் மறுபடி ஓடிக்கொண்டிருக்கும். செய்து வைத்ததெல்லாம் அழிந்துவிட்டதா?

அழிந்தும் இருக்கலாம், பத்திரமாக உள்ளேயே இருந்தும் நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கலாம். எது என்று தெரியாமல் அவசரப்பட்டு 'சேவ்' அழுத்துகிறவர்கள்தான் மிச்சம் இருந்ததையும் இழக்கிறார்கள்.

கீபோர்டின் நிறம் இரண்டு இடங்களில் இருக்க முடியும். ஒன்று, கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள். கோர்செயர் கீபோர்டுக்கு ஐக்யூ, லாஜிடெக்குக்கு ஜி ஹப், ரேசருக்கு சினாப்ஸ். இன்னொன்று, கீபோர்டின் உடம்புக்குள்ளேயே இருக்கும் சிறிய மெமரி. இதைத்தான் ஆன்போர்டு மெமரி என்கிறார்கள். மென்பொருள் ஓடும்போது அது சொல்லும் நிறம்தான் எரியும். அது ஓடாதபோது, கீபோர்டு தன் மெமரியில் இருப்பதை எடுத்துக் காட்டும். அங்கே நாம் எதையும் எழுதி வைக்கவில்லை என்றால், கம்பெனி போட்டு அனுப்பிய வானவில்தான்.

ஏன் இப்படி இரண்டு இடம்? கணக்குப் போட்டால் புரியும். ஒரு முழு கீபோர்டில் 104 விசைகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், அதாவது மூன்று பைட். ஒரு கணத்தின் முழுப் படத்துக்கு 312 பைட் வேண்டும். கீபோர்டுகள் நிறத்தைப் பொதுவாக 64 பைட் பொட்டலங்களாக வாங்கிக்கொள்வதால், ஒரு படத்துக்குக் குறைந்தது ஐந்து பொட்டலம். நிறங்கள் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று வினாடிக்கு 30 படம் அனுப்பினால், வினாடிக்கு 150 பொட்டலம். மென்பொருள் ஓடும் நேரமெல்லாம் இந்த அனுப்புதல் நடந்துகொண்டே இருக்கிறது. பாட்டின் தாளத்துக்கு ஏற்ப மின்னுவது, விளையாட்டில் உயிர் குறையும்போது சிவப்பாக மாறுவது போன்ற வித்தைகள் எல்லாம் இப்படிக் கம்ப்யூட்டரில் கணக்கிடப்பட்டு வருபவைதான்.

ஆன்போர்டு மெமரியில் இருப்பது வேறு மாதிரி. 'அலை, இடமிருந்து வலம், நடுத்தர வேகம், இந்த இரண்டு நிறம்' என்று ஒரு சிறு குறிப்பு மட்டும் அங்கே இருக்கும். அலையை ஓட்டும் வேலையைக் கீபோர்டின் சிப்பே பார்த்துக்கொள்ளும். அல்லது எந்த விசைக்கு எந்த நிறம் என்ற அசையாத பட்டியல் ஒன்று இருக்கும். ஆகவே சிப்புக்குத் தெரிந்த எஃபெக்ட்டுகளை மட்டும்தான் அதில் வைக்க முடியும். மென்பொருளில் ஐந்தாறு அடுக்காகச் செய்த அலங்காரம் ஆன்போர்டில் ஏற மறுப்பதற்கு இதுதான் காரணம். கீபோர்டில் கோளாறு எதுவும் இல்லை.

நாம் மாற்றும் ஒவ்வொரு நிறத்தையும் மென்பொருள் தானாகவே சிப்பில் எழுதிவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஃபிளாஷ் மெமரியை இத்தனை தடவைதான் அழித்து எழுதலாம் என்று ஒரு வரம்பு உண்டு. வினாடிக்கு முப்பது தடவை எழுதினால் அது சீக்கிரமே தேய்ந்துவிடும். அதனால்தான் ஆன்போர்டுக்கு எழுதுவதைத் தனிப் படியாக வைத்திருக்கிறார்கள். நம்மில் பலர் அந்தப் படியைச் செய்வதே இல்லை. திரையில் நிறம் மாறியதும் கீபோர்டிலும் மாறுகிறதே, சேமித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஒரு மாடலை வைத்துப் பார்ப்போம். கோர்செயரின் கே70 ஆர்ஜிபி எம்கே.2 கீபோர்டில் 8 எம்பி மெமரி உண்டு. மூன்று ப்ரொஃபைல் வரை அதிலேயே வைக்கலாம். ஐக்யூவில் இந்தக் கீபோர்டைத் திறந்தால் ஒளி அமைப்புக்கு இரண்டு தனி இடங்கள் தெரியும். Lighting Effects என்பதில் செய்வது மென்பொருள் ஓடும்போது மட்டும் எரிவது. Hardware Lighting என்பதில் செய்வதுதான் கீபோர்டுக்குள் போவது. முதலாவதில் மணிக்கணக்காக உழைத்துவிட்டு இரண்டாவதைத் திறந்தே பார்க்காதவருக்கு, ஃபார்மட் செய்த அன்று எதுவும் மிஞ்சாது.

இரண்டாவதிலும் சேமித்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸைப் புதிதாகப் போட்டு, ஐக்யூவையும் நிறுவுகிறார். கம்ப்யூட்டரை மீண்டும் ஆன் செய்யும்போது கீபோர்டையே கவனித்தால் கதை முழுவதும் தெரியும். பயாஸ் திரை வரும்போது அவர் அமைத்த சிவப்பும் நீலமும் எரிகின்றன. அந்த நேரத்தில் எந்த மென்பொருளும் ஓட வழியில்லை; எனவே அது சிப்பிலிருந்து வரும் நிறம், சந்தேகமே வேண்டாம். பாஸ்வேர்டு கேட்கும் திரையிலும் அதே நிறம். டெஸ்க்டாப் வந்து சில வினாடிகளில் திடீரென்று வானவில். இப்போதுதான் ஐக்யூ கண் விழித்திருக்கிறது. புதிதாக நிறுவப்பட்டதால் அதனிடம் இருப்பது அதன் சொந்த டீஃபால்ட் ப்ரொஃபைல் ஒன்றுதான். அதைக் கீபோர்டின் மேல் போர்த்திவிட்டது. அடியில் பழைய நிறம் அப்படியே இருக்கிறது. டாஸ்க்பாரின் ஓரத்தில் இருக்கும் ஐகானை வலது கிளிக் செய்து ஐக்யூவை முழுதாக மூடினால், சிவப்பும் நீலமும் திரும்பி வரும். இந்த இடத்தில் 'எல்லாம் போச்சு' என்று பதறி, வானவில்லையே கீபோர்டின் மெமரியில் சேமித்தால்தான் நிஜமாகவே போகும்.

டெஸ்க்டாப் வந்தபிறகு நிறம் ஒரு முறை மாறி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மாறினால், அல்லது இரண்டு நிறங்களுக்கு நடுவே துடித்துக்கொண்டே இருந்தால், அது வேறு வியாதி. ஒரே ரிமோட்டை இரண்டு பேர் மாறி மாறிப் பிடுங்குவதுபோல, இரண்டு மென்பொருள்கள் ஒரே கீபோர்டுக்குக் கட்டளை அனுப்புகின்றன. இதில் முதல் சந்தேகம் விண்டோஸ் 11-இன் மேலேயே விழ வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த அப்டேட்டிலிருந்து அதற்கே சொந்தமாக ஒளியைக் கட்டுப்படுத்தும் வசதி வந்துவிட்டது. அந்த வசதிக்கு ஒத்துப்போகும் கீபோர்டைச் செருகினால், கம்பெனியின் மென்பொருளை முந்திக்கொண்டு விண்டோஸ் தன் நிறத்தைப் போட்டுவிடலாம். Settings-இல் Personalization, அதில் Dynamic Lighting என்று போனால், அதை அணைத்துவிடலாம். அணைக்க மனமில்லை என்றால், அங்கேயே Background light control என்ற பட்டியலில் யாருக்கு முன்னுரிமை என்று வரிசைப்படுத்தலாம்.

அடுத்த சந்தேகம், எல்லாக் கம்பெனிப் பொருள்களையும் ஒரே இடத்திலிருந்து ஆளும் ஓப்பன்ஆர்ஜிபி, சிக்னல்ஆர்ஜிபி போன்ற மென்பொருள்கள். மௌஸ் ஒரு கம்பெனி, கீபோர்டு ஒரு கம்பெனி என்று வைத்திருப்பவர்களுக்கு இவை நல்ல உதவி. ஆனால் இவற்றை வைத்துக்கொண்டால் கம்பெனி மென்பொருள் பின்னணியில் ஓடக்கூடாது. விளையாட்டைத் திறக்கும்போது மட்டும் நிறம் மாறி, மூடியதும் சரியாகிறதா? அப்படியானால் விளையாட்டே கீபோர்டுக்கு நிறம் அனுப்புகிறது. கம்பெனி மென்பொருளின் செட்டிங்கில் விளையாட்டு இணைப்பை நிறுத்தினால் போதும். லாஜிடெக் வைத்திருப்பவர்கள் பழைய கேமிங் சாஃப்ட்வேரையும் புதிய ஜி ஹப்பையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இத்தனையிலும் சோதிக்கும் வழி ஒன்றுதான். எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். எதைத் திறந்ததும் நிறம் கெடுகிறதோ அதுதான் குற்றவாளி.

லாஜிடெக்கில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஆன்போர்டு வசதியுள்ள கருவிகளுக்கு ஜி ஹப்பில் அந்த முறையை ஆன் செய்யவும் அணைக்கவும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது ஆனில் இருந்தால் கீபோர்டு தன் மெமரியை மட்டுமே கேட்கும். ஜி ஹப்பில் அமைத்த ப்ரொஃபைல்கள் அதன்மேல் பலிக்காது. 'என்ன மாற்றினாலும் மாறவே மாட்டேன் என்கிறது' என்ற புகாருக்குப் பல நேரம் இந்தச் சுவிட்ச்தான் காரணம்.

சரி, ஃபார்மட் செய்வதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்? சிப்பில் சேமித்தது மட்டும் போதாது. பல மென்பொருள்களில், சிப்பில் இருப்பதைத் திருப்பி எடுத்துத் திருத்தக்கூடிய ப்ரொஃபைலாக மாற்ற வழியில்லை. அதனால் கோப்பு ஒன்றும் வேண்டும். ஐக்யூவில் ப்ரொஃபைலை எக்ஸ்போர்ட் செய்தால் `.cueprofile` என்று முடியும் கோப்பு கிடைக்கும். அதை பென்டிரைவிலோ மெயிலிலோ போட்டு வையுங்கள். அதே கம்ப்யூட்டரின் சி டிரைவில் வைத்தால் அதுவும் சேர்ந்து அழியும். ரேசரில் கணக்குத் திறந்து லாகின் செய்திருந்தால் ப்ரொஃபைல்கள் கிளவுடில் இருக்கும். விருந்தினராக நுழைந்திருந்தால் இருக்காது. ஜி ஹப் தன் அமைப்புகளையெல்லாம் இந்த ஒரே கோப்பில் வைத்திருக்கிறது:

```
%LOCALAPPDATA%\LGHUB\settings.db
```

ஜி ஹப்பை முழுதாக மூடிவிட்டு இதை நகல் எடுத்துக்கொள்ளலாம். ஜி ஹப் திறக்காமல் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் இந்த LGHUB ஃபோல்டரை அழிக்கும்படி பலர் யோசனை சொல்வார்கள். அந்த வைத்தியம் பலிக்கும். கூடவே ப்ரொஃபைல்கள் எல்லாம் போய்விடும். நகல் எடுத்துவிட்டு அழியுங்கள். ஆனால் கோளாறு அந்தக் கோப்பிலேயே இருந்தால், நகலைத் திரும்பப் போட்டதும் கோளாறும் திரும்பிவிடும்.

கோப்பு பத்திரமானபின், சிப்பில் ஏறியதா என்பதைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். மென்பொருளை மூடிவிட்டு, கேபிளைப் பிடுங்கி, அந்த மென்பொருளே இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில் செருகுங்கள். அங்கே எரிவதுதான் ஃபார்மட்டுக்குப் பிறகும் மிஞ்சப்போவது. புது விண்டோஸில் மென்பொருளை நிறுவியதும் ஃபர்ம்வேர் அப்டேட் போடச் சொல்லி அது கேட்கலாம். சில கீபோர்டுகளில் அந்த அப்டேட் மெமரியைத் துடைத்துவிடும். எனவே முதலில் கோப்பை இம்போர்ட் செய்து சரியாக வந்ததா என்று பாருங்கள், அப்டேட் அதற்குப் பிறகு.

அலுவலகத்திலும் வீட்டிலும் ஒரே கீபோர்டைத் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. நிறத்தை எளிமையாக, சிப் தாங்கும் அளவில் வைத்து ஒருமுறை ஏற்றிவிட்டு, மென்பொருளையே நீக்கிவிடுவது. இசைக்கு ஆடும் ஒளி கிடைக்காது. எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் நிறமும் மாறாது. மென்பொருள் நிறுவவே அனுமதிக்காத அலுவலகங்களில் இதுதான் ஒரே வழியும்கூட. புதிதாகக் கீபோர்டு வாங்குகிறவர்கள் டப்பாவில் எத்தனை கோடி நிறம் என்று போட்டிருப்பதைப் பார்ப்பதைவிட, ஆன்போர்டில் எத்தனை ப்ரொஃபைல், அதில் ஒவ்வொரு விசையின் நிறமும் தனித்தனியாக நிற்குமா, இல்லை மேக்ரோக்கள் மட்டும்தான் நிற்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குவது நல்லது.