'நன்றி'ன்னு வந்துச்சு, ஆனா விண்ணப்பம் போய்ச் சேரலை! ஆன்லைன் ஃபார்மில் ஒளிந்திருக்கும் 'ஹனிபாட்' கட்டம் செய்யும் வேலை என்ன?

ஆன்லைன் ஃபார்மை நிரப்பி அனுப்பியாச்சு. "உங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி" என்று திரையிலும் வந்தாச்சு. ஆனால் நாட்கள் கடந்தும் உறுதி செய்யும் மின்னஞ்சல் வரவில்லை. விசாரித்தால், "அந்தப் பெயரில் எதுவும் வரவே இல்லையே" என்கிறார்கள்.

இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். வெளியே தெரியாத ஒரு காரணம் ஹனிபாட், அதாவது தேன் பொறி. ஃபார்மை மனிதர் கையால் நிரப்பாமல் பிரவுசரின் ஆட்டோஃபில்லோ ஒரு புரோகிராமோ நிரப்பும்போதுதான் பெரும்பாலும் இதில் சிக்க நேரிடும்.

ஹனிபாட் கட்டம் என்றால் என்ன?

இணையதளங்களில் உள்ள ஃபார்ம்களில் விளம்பரக் குப்பைகளைக் கொட்டும் ஸ்பேம் பாட்கள் பக்கத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை. பின்னால் இருக்கும் கோடைப் படித்து, கண்ணில் படும் எல்லா கட்டங்களையும் நிரப்பிவிடுகின்றன. அதையே பொறியாக வைத்தால்? மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை ஃபார்மில் ஒளித்து வைக்கிறார்கள். அது காலியாக வந்தால் அனுப்பியவர் மனிதர், எதாவது எழுதி வந்தால் பாட். அவ்வளவுதான் கணக்கு.

அந்தக் கட்டம் கோடில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```html
<div style="position:absolute; left:-5000px" aria-hidden="true">
  <input type="text" name="website" tabindex="-1" autocomplete="off">
</div>
```

கட்டம் திரையின் இடது ஓரத்திலிருந்து 5000 பிக்சல் வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. `aria-hidden` என்பது பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் இதை வாசிக்காமல் இருக்க. `tabindex="-1"` என்பது டேப் பட்டனைத் தட்டிக்கொண்டே போகிறவர் தவறி இதற்குள் வந்துவிடாமல் இருக்க. ஆக, மனிதர் யாரும் வர முடியாதபடி எல்லா கதவும் சாத்தப்பட்ட ஓர் அறை இது. மெயில்சிம்ப் தரும் செய்திமடல் ஃபார்மில் கிட்டத்தட்ட இதே அமைப்பு இருக்கிறது. வேர்ட்பிரஸ் தளங்களில் பயன்படும் கிராவிட்டி ஃபார்ம்ஸ், ஒளித்த கட்டத்துக்குப் பக்கத்திலேயே "இதை மாற்றாமல் விடவும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் வைக்கிறது.

சிக்கியதும் "தவறு" என்று சொல்லாமல் ஏன் "நன்றி" சொல்ல வேண்டும்? பிழை என்று காட்டினால், எதில் மாட்டினோம் என்று பாட்டை எழுதியவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் பல தளங்கள் வழக்கமான நன்றிப் பக்கத்தையே காட்டிவிட்டு, வந்த தகவலைக் குப்பைக்கு அனுப்புகின்றன. ஸ்பேமருக்கு இது சரியான பதிலடிதான். நேர்மையாக அனுப்பியவர் மாட்டினால்தான் பாவம், மாட்டியதே அவருக்குத் தெரியாது.

மொபைல் ஆட்டோஃபில்லும் மாட்டுமா?

மாட்டலாம். பெயர், முகவரி, போன் நம்பரை ஒரே தட்டில் நிரப்பும் வசதி, கட்டத்தின் பெயர் போன்ற அடையாளங்களை வைத்துத்தான் எதை எங்கே போடுவது என்று முடிவு செய்கிறது. ஒளித்த கட்டத்துக்கு `email2`, `phone` என்று பெயர் இருந்தால், அதிலும் தகவல் போய் உட்கார வாய்ப்பு உண்டு. `autocomplete="off"` என்று எழுதியிருந்தாலும் முகவரி விஷயத்தில் குரோம் அதை எப்போதும் மதிப்பதில்லை.

ஒளித்த கட்டத்தில் ஆட்டோஃபில் எழுதும் என்பது 2017-லேயே செய்தியானது. பெயரும் மின்னஞ்சலும் மட்டும் கேட்பதுபோல் தெரியும் ஒரு பக்கத்தில், திரைக்கு வெளியே இருந்த கட்டங்களில் முகவரியும் போன் நம்பரும்கூட நிரம்புவதை பின்லாந்து டெவலப்பர் ஒருவர் செய்து காட்டினார். அங்கே கவலை தகவல் திருட்டு. இங்கே சிக்கல் விண்ணப்பம் தொலைவது. அடிப்படை ஒன்றேதான்.

32 விண்ணப்பம், 32 நன்றி... வந்தது பூஜ்யம்

ஓர் உதாரணம். ஒரு பயிற்சி வகுப்பில் சேர 32 மாணவர்களின் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். தகவல்கள் எக்செல் ஷீட்டில் தயாராக இருக்கின்றன. வகுப்பை நடத்துவோரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பிளேரைட் என்ற இலவச பிரவுசர் ஆட்டோமேஷன் கருவியில் ஒருவர் புரோகிராம் எழுதுகிறார். ஃபார்ம் நான்கு கட்டங்களாக வருகிறது: சொந்த விவரம், முகவரி, படிப்பு, கடைசியில் சரிபார்ப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் "அடுத்து" பட்டன். இப்படிப் படிப்படியாகப் போகும் ஃபார்மைத்தான் 'விசார்ட்' என்கிறார்கள்.

புரோகிராம் எல்லா கட்டங்களையும் தேடி, ஷீட்டில் விடை இருந்தால் அதையும், இல்லாவிட்டால் "NA" என்றும் போடுகிறது. `website` என்ற கட்டத்துக்கு ஷீட்டில் விடை இல்லை. அதனால் "NA". 32 முறை நன்றி வருகிறது. அந்தப் பக்கம் ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே ஒரு விண்ணப்பத்தைக் கையால் அனுப்பிப் பார்ப்பதுதான் எளிய வழி. கம்ப்யூட்டரில் F12 தட்டி நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்தால், அனுப்பிய தகவல் அப்படியே தெரியும். கையால் அனுப்பியதில் `website` காலி, புரோகிராம் அனுப்பியதில் "NA". இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் புரிந்துவிடும்.

"தெரியலைன்னா விட்டுடு" என்று சொன்னால் போதாதா?

போதாது. கண்ணுக்குத் தெரிவது என்பதற்கு மனிதருக்கு ஒரு பொருள், கருவிக்கு வேறொரு பொருள். பிளேரைட்டைப் பொறுத்தவரை, கட்டத்துக்குக் கொஞ்சம் அகலமும் உயரமும் இருந்து, `visibility:hidden` இல்லாவிட்டால் அது "தெரிகிற" கட்டம்தான். `opacity:0` போட்டு முழுக்க மறைத்திருந்தாலும் சரி, திரைக்கு வெளியே தள்ளியிருந்தாலும் சரி, தெரிகிறது என்றே சொல்லும். `display:none` என்று மறைத்திருந்தால் சரியாகப் பிடித்துவிடும். எனவே சோதனையைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது:

```js
const trap = await field.evaluate(el => {
  const r = el.getBoundingClientRect();
  return !el.checkVisibility({ checkOpacity: true, checkVisibilityCSS: true })
    || r.right <= 0 || r.width < 2 || r.height < 2
    || el.tabIndex === -1
    || el.closest('[aria-hidden="true"]') !== null;
});
```

தெரிகிறதா, இடது ஓரத்துக்கு வெளியே இருக்கிறதா, ஒரு புள்ளி அளவுக்குச் சுருக்கப்பட்டிருக்கிறதா, டேப் பட்டனால் அடைய முடியுமா, ஸ்கிரீன் ரீடருக்கு மறைக்கப்பட்டதா என்று இது கேட்கிறது. ஒன்றில் மாட்டினாலும் அந்தக் கட்டத்தைத் தொடுவதில்லை.

எழுதும் கட்டங்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். டிக் பெட்டி, ஃபைல் அப்லோடு விஷயத்தில் கவனம் தேவை. அழகுக்காக உண்மையான டிக் பெட்டியை மறைத்துவிட்டு மேலே ஒரு படத்தை வைக்கும் வழக்கம் டிசைனர்களிடம் உண்டு. அங்கே மறைந்திருப்பது பொறி அல்ல. மனிதர் செய்வதைப்போல, கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் மேல் கிளிக் செய்ய வைப்பதே வழி. `type="hidden"` என்று இருப்பவையும் வேறு ரகம். ஃபார்ம் தனக்காக வைத்துக்கொள்ளும் பாதுகாப்பு டோக்கன் போன்றவை அதில் இருக்கும். நிரப்பவும் கூடாது, அழிக்கவும் கூடாது.

விசார்டில்தான் உண்மையான தலைவலி

பொறியைத் தாண்டியாச்சு என்று மறுபடி ஓட்டினால், இப்போது புரோகிராம் இரண்டாவது படியிலேயே நிற்கிறது. என்ன ஆச்சு?

பல விசார்ட் ஃபார்ம்களில் நான்கு படிகளும் முதலிலேயே பக்கத்தில் இறங்கிவிடுகின்றன. இரண்டாவது, மூன்றாவது படிகள் `display:none` போட்டு மறைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். பக்கம் திறந்தவுடன் கட்டங்களின் பட்டியலை எடுத்துக்கொண்ட புரோகிராம், மறைந்திருந்த முகவரிக் கட்டங்களையும் பொறி என்று ஒதுக்கிவிட்டது. முன்பு எல்லாவற்றையும் நிரப்பி மாட்டியது, இப்போது பயந்துபோய் நல்லதையும் விட்டுவிட்டது!

மறைந்திருப்பதில் இரண்டு வகை. ஒன்று, தன் முறை வந்ததும் வெளியே வரும். இன்னொன்று, கடைசி வரை வராது. பக்கம் திறந்த நொடியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆகவே பட்டியலை ஒரே தடவை எடுப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு படி திறந்த பிறகும் புதிதாக எடுக்க வேண்டும். ஒரு படிக்குள்ளேயே இது நடப்பதுண்டு. "மாற்றுத்திறனாளியா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்றால்தான் சான்றிதழ் எண் கேட்கும் கட்டம் முளைக்கும். அதனால் ஒவ்வொரு விடைக்குப் பிறகும் ஒருமுறை பார்த்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பு.

அடுத்த இடறல் "அடுத்து" பட்டனில். கிளிக் செய்துவிட்டு மூன்று விநாடி காத்திருந்து தொடர்வது பலரும் செய்வது. பின்கோடு தப்பாக இருந்தால் ஃபார்ம் சிவப்பு எழுத்தில் பிழை காட்டி அதே படியில் நிற்கும், புரோகிராமோ மூன்றாவது படியில் இருப்பதாக நினைத்து எழுதிக்கொண்டிருக்கும். நேரத்தைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது, அடையாளத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். "படிப்பு விவரம்" என்ற தலைப்பு தெரிந்தால்தான் மூன்றாவது படி. தலைப்புக்குப் பதில் பிழைச் செய்தி வந்தால், அந்த மாணவரின் பெயரைக் குறித்துவிட்டு அடுத்தவருக்குப் போய்விடலாம்.

மாநிலம், மாவட்டம் பட்டியலிலும் இதே கதைதான். மாநிலத்தைத் தேர்வு செய்த பிறகுதான் மாவட்டங்கள் சர்வரிலிருந்து வந்து நிரம்பும். பட்டியல் காலியாக இருக்கும்போதே தேர்வு செய்யப் பார்த்தால் தோல்விதான். வேண்டிய மாவட்டத்தின் பெயர் பட்டியலில் வந்ததா என்று பார்த்த பிறகு தொட வேண்டும்.

கேப்ட்சாவோ ஓடிபியோ வந்தால் அதோடு புரோகிராமின் வேலை முடிந்தது. அந்த இடத்தில் மனிதர் வேண்டும் என்பதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

கடைசிப் படியில் கவனிக்க வேண்டியது

நான்காவது படியில், நிரப்பிய எல்லாமே ஒரே பக்கத்தில் தெரியும். அனுப்பும் முன் அந்தப் பக்கத்தில் இருப்பதை எக்செல் வரியோடு ஒப்பிட்டுவிட்டால், தவறான கட்டத்தில் விழுந்த தகவல் இங்கேயே அகப்பட்டுவிடும்.

அனுப்பிய பிறகு நன்றிச் செய்தியை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. அது பொறியில் மாட்டியவருக்கும் வரும். விண்ணப்ப எண்ணோ, உறுதி செய்யும் மின்னஞ்சலோ வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த உதாரணத்தில் முதலில் ஒரே ஒரு மாணவருக்கு மட்டும் ஓட்டி, விண்ணப்ப எண் வந்த பிறகு மீதி 31 பேருக்கு ஓட்டியிருந்தால் முதல் நாளே விஷயம் தெரிந்திருக்கும்.

"சமர்ப்பி" தட்டியதும் இணைப்பு அறுந்து பக்கம் உறைந்துவிட்டால், உடனே மறுபடி தட்டுவதும் ஆபத்து. தகவல் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் திரும்பி வராமல் இருந்திருக்கலாம். மின்னஞ்சலையோ விண்ணப்ப நிலையையோ பார்க்காமல் மீண்டும் அனுப்பினால், ஒரே மாணவருக்கு இரண்டு விண்ணப்பம் பதிவாகிவிடும்.